சம்பளம் ரெண்டு கடுவாக வரும் என்ற நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டிய வரி

கேள்வி: "வீடு கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கேன். மொத்தம் 60 பேர். பணத்தட்டுப்பாடு, அதனால இந்த மாசச் சம்பளம் ரெண்டு கடுவா, அதாவது ரெண்டு தவணையா தருவோம், பாதி 7-ஆம் தேதி, மீதி ஃபண்ட் வந்ததும்னு மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. எல்லாரும் அடியில் கையெழுத்துப் போடணுமாம். போடலாமா? கம்பெனி மூழ்கப்போகுதா? 10-ஆம் தேதி எனக்கு 6,500 ரூபாய் இ.எம்.ஐ. இருக்கு."

அந்தப் பக்கத்து ஃபேக்டரிகளில் 22 வருடம் சம்பளக் கணக்குப் பார்த்தவன் நான். இதே மாதிரி நோட்டீஸை மூன்று தடவை நானே டைப் அடித்து போர்டில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு தடவை மீதிப் பணம் சொன்னபடி வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. மூன்றுக்கும் ஒரே லெட்டர்ஹெட்தான், காரணமும் ஒரே வார்த்தைகளில்தான் எழுதியிருந்தது. வித்தியாசம் ஒரே ஒரு வரியில் இருந்தது. முதல் இரண்டிலும் "பாக்கித் துக 22-ஆம் தேதி" என்று தேதி போட்டிருந்தோம். மூன்றாவதிலும் நான் தேதி போட்டுத்தான் வரைவு கொண்டுபோனேன். முதலாளி பேனாவை எடுத்து அந்தத் தேதியை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் "ஃபண்ட் லபிக்குன்ன முறைக்கு" என்று எழுதிக் கொடுத்தார். அதாவது, பணம் கிடைக்கக் கிடைக்க. உங்கள் நோட்டீஸில் இருப்பதும் அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

அந்த வரிக்கு நான் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சின்ன ஃபேக்டரியில் பணத்தட்டுப்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. சரக்கு அனுப்பினால் பார்ட்டி 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறான். கரண்ட் பில்லும் ஜி.எஸ்.டி.யும் சம்பளமும் அதுவரை காத்திருக்காது. பேங்க் கொடுத்திருக்கும் கடன் வரம்பான சி.சி. லிமிட்டில் இடம் இருக்கும் வரை அதில் எடுத்துச் சமாளிப்பார்கள். அதுவும் நிரம்பிவிட்ட மாதத்தில் ஒரு பெரிய பார்ட்டி பத்து நாள் தள்ளிவிட்டால் சம்பளத்தில் இடிக்கும். முதல் இரண்டு தடவையும் எங்களுக்கு நடந்தது இதுதான். எந்தப் பார்ட்டி, எந்த பில், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்பதெல்லாம் என் மேஜையில் ஒரு தாளில் இருந்தது. அதனால்தான் நோட்டீஸில் தேதி எழுத முடிந்தது. மூன்றாவது தடவை அப்படி ஒரு பில்லே இல்லை. பேங்க் லிமிட்டை உயர்த்திக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. தேதி எழுத முடியாத முதலாளிக்கு, எந்தப் பணம் எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சில பேர் எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயத்தில் தேதியை விட்டுவிடுவதும் உண்டு. இரண்டில் உங்கள் ஆள் எந்த வகை என்பது, நீங்கள் தேதி கேட்கும்போது தெரிந்துவிடும். அதனால் முதல் வேலையாகத் தேதி கேளுங்கள்.

இனி, சட்டத்தில் உறுதியாக இருப்பதைச் சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதி முடிவதற்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு முன்பிருந்த 1936-ஆம் வருடச் சட்டமும், ஆயிரம் பேருக்குக் கீழே வேலை செய்யும் இடத்துக்கு இதே 7-ஆம் தேதியைத்தான் சொன்னது. 60 பேர் வேலை செய்யும் உங்கள் கம்பெனிக்கு எந்தச் சட்டத்தை எடுத்தாலும் பதில் ஒன்றுதான். 7-ஆம் தேதிக்குள் என்பது முழுச் சம்பளத்துக்கும் சேர்த்துச் சொன்னது. 3-ஆம் தேதி பாதி, 7-ஆம் தேதி மீதி என்று கொடுத்தால் தப்பு எதுவும் இல்லை. 7-ஐத் தாண்டிப் போகிற பாதி, சட்டப்படி தாமதமான சம்பளம்தான். பணத்தட்டுப்பாடு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டதால் அந்தத் தேதி தள்ளிப்போய்விடாது. கே.எஸ்.ஆர்.டி.சி. கூட 2023-ல் இரண்டு கடுவாகச் சம்பளம் போட்டதைப் பார்த்துவிட்டு, நம் பக்கத்தில் நிறையப் பேர் இது ஏதோ அனுமதி உள்ள நடைமுறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை.

அதே சமயம், தாமதத்துக்காக உங்களுக்கு நஷ்டஈடு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. புதிய சட்டத்தில் பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கலாம் என்று இருக்கிறது. அது உச்சவரம்பு மட்டுமே. எவ்வளவு என்பதை மனுவை விசாரிக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். இரண்டு வாரத் தாமதத்துக்குப் பெரிய தொகையை எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம். சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டிய பணம் என்பதிலும், அதைக் கேட்டு மனுக் கொடுக்க மூன்று வருடம் வரை காலம் இருக்கிறது என்பதிலும் சந்தேகம் வேண்டாம். அதனால் நாளைக்கே புகார் கொடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். நம் எல்லைப் பக்கத்தில் மலையாளம் பேசத் தெரியும், படிக்கத்தான் பல பேருக்குக் கஷ்டம். அதனால் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். "கைப்பற்றி" என்று மட்டும் இருந்தால், பெற்றுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம். தமிழில் அந்த வார்த்தைக்கு இருக்கும் பொருளை நினைத்துப் பயப்பட வேண்டாம், தாராளமாகப் போடலாம். "வாயிச்சு போத்யப்பெட்டு" என்று இருந்தால், படித்துத் தெளிந்தேன் என்று ஆகும். அதுவும் பரவாயில்லை. "சம்மதிக்குன்னு" என்று இருந்தால்தான் நிற்க வேண்டும். தாமதத்துக்கு நானே ஒத்துக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதில் போட்டாலும் சம்பளம் கேட்கும் உரிமை போகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பின்னால் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டால், நீங்களே சம்மதித்தீர்களே என்று அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எனவே உங்கள் பெயருக்கு எதிரே "நோட்டீஸ் கிடைத்தது" என்று தமிழிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். தமிழில் எழுதியதால் கையெழுத்துச் செல்லாமல் போகாது. அப்புறம் அந்த நோட்டீஸை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் மூன்றாவது நோட்டீஸ் ஒரு வாரத்தில் போர்டிலிருந்து காணாமல் போனது. பிறகு கேட்டவர்களிடம் காட்ட யாரிடமும் ஒரு நகல் கூட இல்லை.

"பாதி" என்ற வார்த்தைக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எதில் பாதி? மாதிரிக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவருக்கு மொத்தச் சம்பளம் 20,000 ரூபாய். பிடித்தம் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 150, ஓணத்துக்கு வாங்கிய அட்வான்ஸில் தவணை 1,000. எல்லாம் போகக் கைக்கு வருவது 17,050. கைக்கு வருவதில் பாதி என்றால் முதல் கடு 8,525. சில கம்பெனியில் மொத்தச் சம்பளத்தில் பாதியான 10,000-ஐ எடுத்து, மாதத்தின் பிடித்தம் முழுவதையும் அதிலேயே கழித்துவிடுவார்கள். அப்போது முதல் கடு 7,050 ஆகிவிடும். இரண்டாவது கடு முழுசாக 10,000 வரும் என்பார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டும் 17,050தான். ஆனால் 10-ஆம் தேதி 6,500 இ.எம்.ஐ. கட்டுகிறவருக்கு ஒரு வழியில் 2,025 மிஞ்சும், இன்னொரு வழியில் 550தான் மிஞ்சும். போதாததற்கு, சந்தேகமான இரண்டாவது கடுவில் பெரிய பங்கு போய் உட்கார்ந்துகொள்கிறது. சம்பளம் போடுகிறவரிடம் போய், பிடித்தத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், அட்வான்ஸ் தவணையையாவது இரண்டாவது கடுவில் பிடிக்கச் சொல்லுங்கள். இதை முதலாளியிடம் கேட்க வேண்டியதே இல்லை. கணக்குப் பார்க்கிறவர் பேங்க் ஷீட்டில் ஒரு கட்டத்தை மாற்றினால் முடிந்தது. நானும் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். கேட்டவர்கள் அறுபதில் நாலைந்து பேர்தான்.

பே ஸ்லிப் விஷயத்திலும் கவனமாக இருங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஸ்லிப்தான் வர வேண்டும். அதில் முழுச் சம்பளம், முழுப் பிடித்தம், 7-ஆம் தேதி கொடுத்தது, பாக்கி எவ்வளவு என்று இருக்க வேண்டும். பாதித் தொகைக்கு மட்டும் ஸ்லிப் கொடுத்து, அதையே மாதச் சம்பளம் போலக் காட்டினால் வாங்காதீர்கள். பின்னால் பாக்கி கேட்கும்போது கணக்கே மாறிவிடும்.

கம்பெனி மூழ்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோட்டீஸை மட்டும் வைத்து அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டே நீங்கள் பார்க்கக்கூடிய அடையாளங்கள் இருக்கின்றன. கச்சாப்பொருள் லாரி எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். எங்கள் மூன்றாவது தடவையில், நோட்டீஸுக்கு இருபது நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு வந்த ஒரு லாரி சாயங்காலம் நாலு மணி வரை கேட்டுக்கு வெளியே நின்றது. டிரைவர் வேப்பமரத்தடியில் துண்டு விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார். பணம் அக்கவுன்டில் ஏறியதாக அவருடைய ஓனர் போன் பண்ணினால்தான் தார்ப்பாயை அவிழ்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அதுவரை பத்து வருடமாக அதே சப்ளையர் எங்களுக்கு 45 நாள் கடனில் சரக்குப் போட்டவர். வெளியே இருக்கிறவன் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டான் என்றால், உள்ளே இருக்கிறவர்களைவிட அவனுக்கு ஏதோ அதிகமாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு மாறாக, லாரி வழக்கம் போல வந்து இறங்குகிறது, ஓவர்டைம் ஓடுகிறது, சூப்பர்வைசருக்கும் மேனேஜருக்கும் கூட பாதிதான் போட்டார்கள் என்றால், அது பெரும்பாலும் ஒரு பார்ட்டியின் தாமதம்தான். நான் பார்த்த வரையில், அடுத்த மாதமும் இதே நோட்டீஸ் வந்தால் சந்தேகப்பட வேண்டும், மூன்றாவது மாதமும் வந்தால் வேறு வேலை தேட ஆரம்பித்துவிட வேண்டும்.

லாரியை விடத் தெளிவான அடையாளம் பி.எஃப்.தான். ஒவ்வொரு மாதப் பி.எஃப். பணத்தையும் கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லாத முதலாளி சம்பளத்தில் கை வைப்பதற்கு முன்பு இதில்தான் கை வைப்பார். சம்பளம் நின்றால் அன்றைக்கே அறுபது பேரும் கேட்பார்கள், பி.எஃப். நின்றால் ஆறு மாதம் யாரும் கவனிக்க மாட்டார்கள். எனவே இப்போதே UMANG ஆப்பில் உங்கள் பாஸ்புக்கைத் திறந்து கடந்த ஆறு மாதத்தைப் பாருங்கள். எல்லா மாதமும் வரிசையாக ஏறியிருந்தால் ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் விடுபட்டிருந்தால், இந்தத் தட்டுப்பாடு இந்த மாதம் ஆரம்பித்தது இல்லை. நோட்டீஸில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பாஸ்புக்கில் பதிவு ஏறச் சில நாள் ஆகும், அதனால் கடைசி மாதம் ஒன்று மட்டும் இல்லை என்றால் பதற வேண்டாம். இந்த மாதத்துக்கானது 15-க்குப் பிறகு ஏறும்போது தொகையையும் பாருங்கள். சம்பளத்தை இரண்டாகப் பிரித்தாலும் பி.எஃப். முழு மாதச் சம்பளத்துக்குத்தான் கட்ட வேண்டும். நம் கணக்கில் 1,800 ஏற வேண்டிய இடத்தில் 900 ஏறியிருந்தால், பாதி மாதம் நீங்கள் வேலைக்கே வரவில்லை என்று காட்டியிருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றவழக்கு வரை போகக்கூடிய விஷயம். நல்ல கணக்கர் எவரும் அதற்குத் துணிய மாட்டார். ஆகவே இதைக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

இ.எம்.ஐ. பற்றி. முதல் கடு 7-ஆம் தேதி வந்துவிட்டால் 10-ஆம் தேதி தவணையைக் கட்டிவிடலாம். அந்தப் பணத்தைத் தவணை போகிற அக்கவுன்டிலேயே விட்டுவையுங்கள். வரவில்லை என்றால் 8-ஆம் தேதியே நோட்டீஸ் போட்டோவோடு பேங்குக்கோ ஃபைனான்ஸுக்கோ நேரில் போய்ச் சொல்லுங்கள். தேதி தள்ளித் தருவது அவர்கள் இஷ்டம்தான், கட்டாயம் இல்லை. ஆனால் தவணை திரும்பிய பிறகு போனால், கம்பெனியின் நோட்டீஸைக் காட்டினாலும் பவுன்ஸ் சார்ஜ் குறையாது. அந்தச் சார்ஜை கம்பெனியிடம் கேட்டு வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டிக் கேட்டால் சில முதலாளிகள் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியாக, கம்பெனிக்கு என்ன எழுதிக் கொடுப்பது. தனியாகக் கொடுக்காதீர்கள். பத்துப் பேராவது சேர்ந்து ஒரே தாளில் கொடுங்கள். சண்டைக்குப் போகிற மாதிரி எழுத வேண்டாம், இவ்வளவு போதும்: "சம்பளம் இரண்டு கடுவாகத் தரப்படும் என்ற நோட்டீஸ் கிடைத்தது. கம்பெனியின் நிலைமை புரிகிறது. மீதித் தொகை எந்தத் தேதியில் அக்கவுன்டில் ஏறும் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படியும், இந்த மாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. முழுச் சம்பளத்துக்கும் கட்டப்படும் என்பதை உறுதி செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறோம்." இன்னொரு நகலில் ஆபீஸ் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிலில் ஒரு தேதி வந்து, அந்தத் தேதியில் பணமும் வந்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. தேதி வரவில்லை, அல்லது வந்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால், பாலக்காட்டில் தொழிலாளர் துறை ஆபீஸில் அசிஸ்டன்ட் லேபர் ஆபீசரைப் பாருங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் வாளையாறு தாண்டியும் வருகிறவர்கள் இருப்பார்கள். கம்பெனியின் ஹெட் ஆபீஸ் கோயம்புத்தூரில் இருந்தாலும் சரி, வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும் சரி, வேலை செய்யும் ஃபேக்டரி கஞ்சிக்கோட்டில் இருப்பதால் மனு பாலக்காட்டில்தான் எடுபடும். கோயம்புத்தூருக்குப் போய் அலைந்து இரண்டு நாள் சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு. போகும்போது நோட்டீஸ் போட்டோ, சீல் வாங்கிய நகல், பே ஸ்லிப், முதல் கடு ஏறிய பேங்க் பாஸ்புக் பக்கம், இந்த நாலையும் எடுத்துப் போங்கள்.

கோபத்தில் வேலையை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கையில் பணமே இல்லாத கம்பெனியில் உள்ளே நிற்கிறவனுக்குக் கொடுத்த பிறகுதான் வெளியே போனவனுடைய ஃபைலை எடுப்பார்கள். எங்கள் மூன்றாவது தடவையில் முதலில் விட்டுப் போனவர்களுக்குத்தான் பாக்கி கடைசியாகப் போய்ச் சேர்ந்தது. வேறு வேலை கையில் வந்த பிறகு, எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்.